பத்தொன்பது நிமிடத்தில் ஐந்து கேள்விகள்

என் சித்தப்பா சலவைக் கடையின் முன்மேசையில் உட்காருகிறவர். துணி கொண்டுவருகிறவர்கள் துணியை மட்டும் கொடுத்துவிட்டுப் போவதில்லை. கறை வந்த கதையையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். யார் வீட்டு விருந்து, யார் கை தட்டிக் கொட்டியது, தட்டிய கைக்காரர் மன்னிப்புக் கேட்டாரா இல்லையா என்று எல்லாம் வரும். சித்தப்பா தலையை ஆட்டிக்கொண்டே கேட்பார். கடைசியில் ரோஜா நிறத் துண்டுச் சீட்டில் எழுதுவார்: ‘காபி. இடது கை. இரண்டு நாள்.’ அதைத் துணியில் குத்தி உள்ளே அனுப்புவார். உள்ளே கறை எடுப்பவருக்கு அது போதும். என்ன கறை, சட்டையில் எந்த இடம், எத்தனை நாள் ஆயிற்று என்பதுதான் அவருக்குத் தேவை. கைக்காரர் மன்னிப்புக் கேட்டாரா என்பது தேவையில்லை.

இந்தப் பழக்கத்தால்தான் எங்கள் குடும்பத்தில் அவருக்கு ‘சுருக்கெழுத்து’ என்று பெயர் வந்தது. அவர் சுருக்கெழுத்து படித்ததே இல்லை.

பெயரோடு ஒரு பொறுப்பும் வந்து சேர்ந்தது. என் அத்தை, அதாவது அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவர், வேறு ஊரில் தனியாக இருக்கிறார். அவர் எங்களைப் போனில் கூப்பிடமாட்டார். கூப்பிட்டாலும் எடுக்கமாட்டார். மணி அடித்தால் நெஞ்சு படபடவென்கிறது என்று போனை எப்போதும் ஊமையாக்கி வைத்திருப்பார். அதற்குப் பதிலாகக் குரல் பதிவு அனுப்புவார். குறைந்தது பத்து நிமிடம் ஓடும். “ஒண்ணுமில்ல, சும்மாதான்” என்று தொடங்குவார். பிறகு அவர் வீட்டுக்குள் நடப்பது நமக்குக் கேட்கும். சமையலறையில் குரல் கொஞ்சம் உலோகமாக ஒலிக்கும். குளியலறைப் பக்கம் போனால் ஈரமாக விரியும். ஜன்னல் திறந்தால் தெருவின் இரைச்சல் ஒரு பெரிய பறவை போல உள்ளே வந்து உட்காரும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நாமும் அந்த வீட்டில் அவர் பின்னால் நடப்பது போலிருக்கும். நான் சின்ன வயதில் அப்படிக் கேட்டிருக்கிறேன். பிறகு விட்டுவிட்டேன். எல்லோருமே விட்டுவிட்டோம். குடும்பக் குழுவில் அத்தையின் பதிவு வந்தால் அப்பா ஒரே சொல்லைத் தட்டி அனுப்புவார்: “சுருக்கம்?”

சித்தப்பா சுருக்கித் தருவார். அதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. பதிவை மூன்று தடவை கேட்பார். முதல் தடவை பேனாவைத் தொடமாட்டார். இரண்டாம் தடவை, கேள்வியாக முடிகிற ஒவ்வொரு வாக்கியத்தையும் அது வரும் நிமிடத்தோடு சீட்டின் பின்பக்கம் குறிப்பார். மூன்றாம் தடவை அடிப்பார். “சாப்பிட்டீங்களா?” என்பது அடிபடும், அதற்குப் பதில் வரும்வரை அத்தை காத்திருப்பதில்லை. “கதவ மூடினேனா?” என்பது அத்தை தனக்குத்தானே கேட்டுக்கொண்டது. “என்னடி, எவ்வளவு நேரமா இங்கயே நிக்கிற?” என்பது பூனையிடம் கேட்டது. மூன்றாம் நிமிடத்தில் கேட்டதற்குப் பன்னிரண்டாம் நிமிடத்தில் தானே பதில் சொல்லியிருந்தால் அதுவும் அடிபடும். ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டிருந்தால் ஒன்றுதான் மிஞ்சும். மிஞ்சியவற்றின் எதிரே, யார் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதிக் குழுவில் போடுவார். பிழையே வராது. அத்தையும் தன் கேள்விகளுக்கெல்லாம் பதில் வந்துவிடுகிறது என்று மகிழ்ந்துபோய் இன்னும் நீளமாகப் பேசுவார்.

அந்தப் புதன்கிழமை மதியம் சித்தப்பா போட்ட பட்டியல் இது. ‘அண்ணன்’ என் அப்பா, ‘நான்’ சித்தப்பாதான்:

அண்ணன்: அப்பாவின் இறப்புச் சான்றிதழ் நகல் யாரிடம் இருக்கிறது?
அண்ணி: உங்கள் கூடத்து ஜன்னலின் உயரம் என்ன? (அக்கா திரைச்சீலை தைக்கக் கொடுக்கிறாள்.)
அண்ணன் பிள்ளை: அடுத்து என்ன படிப்பு?
எல்லோரும்: கல்யாணப் படங்களை மறுபடி அனுப்ப முடியுமா?
நான்: பல்வலி போய்விட்டதா?

பத்தொன்பது நிமிடப் பதிவு ஐந்து வரியாகியிருந்தது. அப்பா வேலையிடத்திலிருந்தே, தாத்தாவின் சான்றிதழ் நகல் தன்னிடம் இருக்கிறது என்று பதில் போட்டார். அம்மா நாற்காலியில் ஏறி ஜன்னலை அளந்தாள். நான் பள்ளியை முடித்து இரண்டு மாதமாகிறது. “இன்னும் முடிவு பண்ணல அத்தை” என்று தட்டினேன். யாரோ படங்களை அனுப்பினார்கள். ஐந்துக்கும் பதில் போய்விட்டது. அத்தை கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினார். அதோடு அந்த விஷயம் முடிந்ததாகவே எல்லோரும் நினைத்தோம்.

நாலரை மணிக்கு நானும் அம்மாவும் கம்பளிகளை வாங்கச் சலவைக் கடைக்குப் போனோம். பிற்பகலில் அந்தக் கடைக்குள் நுழைந்தால் எனக்கு எப்போதும் தூக்கத்துக்குள் நுழைவது போலிருக்கும். மேலே சங்கிலியில் உறையிட்ட சட்டைகளும் கோட்டுகளும் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். முகமில்லாத ஆட்கள் பொறுமையாக வரிசையில் போவது போலத் தோன்றும். உள்ளேயிருந்து நீராவி புஸ்ஸென்று எழுந்து வெளிச்சத்தில் கரையும். சோப்பும் சூடான பருத்தியும் கலந்த மணத்தில் நேரம் தெரியாது.

“வாங்க அண்ணி” என்றார் சித்தப்பா. “கம்பளி ரெடி.”

“தம்பி, உங்க அக்காவுக்குக் கண்ணு எப்படி இருக்காம்? போன மாசம் மங்கலா தெரியுதுன்னாங்களே.”

சித்தப்பா கம்பளிகளை எண்ணிக்கொண்டே, “வெள்ளிக்கிழமை ஆபரேஷன்” என்றார்.

அம்மாவின் கை மேசையிலேயே நின்றுவிட்டது. “எந்த வெள்ளிக்கிழமை?”

“இந்த வெள்ளிக்கிழமைதான்.”

“ஏன் தம்பி, ஜன்னல் எத்தனை அடின்னு எழுதத் தெரிஞ்சுது, இத எழுதத் தெரியலயா?”

“அதுல கேள்வி எதுவும் இல்லயே அண்ணி. தகவல்தான் சொன்னா. யாரோ பேரு கேக்கறாங்களாம், குடுக்கணுமாம். அவ குடுத்திருப்பா.”

“யார் பேரு?”

சித்தப்பா கம்பளிகளை எண்ணுவதை விட்டார். போனை எடுத்து மேசைமேல் வைத்தார். பதினான்காம் நிமிடத்துக்கு நகர்த்தி ஓடவிட்டார்.

அத்தையின் குரல் நீராவிக்குள் எழுந்தது. அப்போது சமையலறையில் இருந்திருக்கிறார்.

“…அந்தப் பைப்பு இன்னும் சொட்டிக்கிட்டுதான் இருக்கு, ராத்திரி பூரா எண்ணிக்கிட்டே படுத்திருப்பேன், நூறு வரைக்கும் எண்ணுவேன், அப்புறம் தூங்கிடுவேன். நல்லதுதான். ஆங், ஆஸ்பத்திரியில வெள்ளிக்கிழமைன்னு சொல்லிட்டாங்க. கூட ஒரு ஆள் வந்தே ஆகணுமாம், ஆபரேஷன் முடிஞ்சு தனியா அனுப்ப மாட்டாங்களாம். நாளைக்கு சாயந்தரம் ஆறு மணிக்குள்ள அவங்க பேரும் நம்பரும் சொன்னாத்தான் லிஸ்ட்டுல இருக்குமாம். இல்லாட்டி அடுத்த முறைதான், மூணு மாசம் ஆகும். பக்கத்து வீட்டு டீச்சர் வருவா, ஆனா பாவம் மகளுக்குப் பிரசவம்னு போயிருக்கா. பாத்துக்கலாம்னேன் அந்தப் பொண்ணுகிட்ட. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. தண்ணி ஊத்தறப்ப மட்டும் விரல டம்ளருக்குள்ள விட்டுக்கிட்டு ஊத்தறேன், நனைஞ்சா நிறுத்திடுவேன். பழகிடுச்சு. ஏய், ஏய், தட்டிவிடாத… பாருங்க இந்தப் பூனைய. சரி, உனக்குப் பல்வலி போச்சாடா?”

சித்தப்பா நிறுத்தினார்.

மூன்று தடவை கேட்ட மனிதர் அவர். இதே இடத்தை மூன்று தடவையும் கேட்டிருக்கிறார். ‘பல்வலி போச்சாடா’ என்ற வரியை மட்டும் அதிலிருந்து எடுத்திருக்கிறார், காபி, இடது கை என்று எழுதுவது போல. அத்தை தனக்கு வேண்டியதைக் கேள்வியாகக் கேட்டே பழகாதவர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் வாயிலிருந்து கேள்வியாக வருவதெல்லாம் மற்றவர்களைப் பற்றியதுதான். அதைத் தெரிந்துகொண்டே கேள்விகளை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தோம்.

“நாளைக்குத்தானே அண்ணி, இன்னிக்கு ராத்திரி நான் பேசி…”

“பதிவு எப்ப வந்துது?”

“நேத்து சாயந்தரம்.”

“நேத்து நாளைக்குன்னா என்ன அர்த்தம்?”

சித்தப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலே முக்கால்.

அத்தையைக் கூப்பிட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டார். அங்கே ஏதோ ஓர் அறையில், ஏதோ ஒரு மேசைமேல், அந்தப் போன் சத்தமில்லாமல் வெளிச்சம் போட்டு அணைவதை என்னால் பார்க்க முடிந்தது. பூனை ஒருவேளை அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

“ஆஸ்பத்திரிக்கே பேசுங்களேன்” என்றாள் அம்மா.

“எந்த ஆஸ்பத்திரின்னு அவ சொல்லலயே.”

“பத்தொம்பது நிமிஷம் பேசிட்டு அத சொல்லலயா!”

உள்ளேயிருந்து இஸ்திரிக்காரர் எட்டிப் பார்த்தார். சித்தப்பாவோடு பதினைந்து வருடமாக வேலை பார்ப்பவர். “என்ன சுருக்கு, எதையாவது எரிச்சுட்டியா?”

“எங்க அக்காவுக்குக் கண் ஆபரேஷன். ஆறு மணிக்குள்ள பேர் சொல்லணும். போன எடுக்க மாட்டேங்கறா.”

“அப்ப அவங்க பாஷையிலயே பேசு” என்றார் இஸ்திரிக்காரர்.

சித்தப்பா அதுவரை ஒரு குரல் பதிவுகூட அனுப்பியதில்லை. பொத்தானை எத்தனை நேரம் அழுத்த வேண்டும் என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். போனை வாய்க்கு மிக அருகில் பிடித்துக்கொண்டு, “அக்கா. நான் வர்றேன். என் பேரச் சொல்லிடு” என்றார். நாலு வினாடி.

“நம்பர்?” என்றாள் அம்மா.

“அவகிட்ட இருக்குமே.”

“தேடிக் கண்டுபிடிக்கிற அளவுக்குக் கண்ணு தெரிஞ்சா ஆபரேஷன் எதுக்கு?”

இரண்டாவது பதிவு போயிற்று. அதில் எண்ணை ஒவ்வோர் இலக்கமாக, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பது போலச் சொன்னார். இரண்டு தடவை சொன்னார்.

அதன் பிறகு காத்திருந்தோம். ஒரு பெண் திருமண உடையோடு வந்து அதன் ஓரத்தில் மண் பட்ட கதையைச் சொன்னாள். சித்தப்பா தலையாட்டிக்கொண்டே போனைப் பார்த்தார். சங்கிலியில் கோட்டுகள் நகர்ந்தன. எல்லாத் துணிகளும் எங்கள் தலைக்கு மேல் அதே வேகத்தில், எதுவும் நடக்காதது போல, சுற்றி வந்தன. அந்த வேகத்திலேயே கடிகாரமும் போவது போலிருந்தது.

ஐந்தே காலுக்குப் பதிவின் பக்கத்திலிருந்த சின்ன ஒலிவாங்கிப் படம் நீலமானது.

“கேட்டுட்டாங்க!” என்றேன்.

சித்தப்பா உடனே கூப்பிட்டார். எடுக்கவில்லை. சில நிமிடங்கள் கழித்து அத்தையின் பெயருக்குக் கீழே ‘பதிவு செய்கிறார்’ என்று வந்தது. நாங்கள் நாலு பேரும் திரைமேல் குனிந்தோம். ‘பதிவு செய்கிறார்’ போகவேயில்லை. ஐந்து இருபத்தைந்து. ஐந்து முப்பது.

“தம்பி, உங்க அக்கா இப்ப நமக்குப் பேசிக்கிட்டிருக்காங்க. ஆஸ்பத்திரிக்கு எப்ப பேசுவாங்க?”

“அதான் அண்ணி எனக்கும் புரியல.”

“அக்கா, போதும், வைங்கக்கா” என்று இஸ்திரிக்காரர் திரையைப் பார்த்துக் கெஞ்சினார், அங்கே கேட்டுவிடும் போல.

ஐந்து முப்பத்து மூன்றுக்குப் பதிவு வந்தது. பதின்மூன்று நிமிடம்.

“வேகமா ஓட்டு” என்று அம்மா என்னிடம் சொன்னாள்.

“வேண்டாம்” என்றார் சித்தப்பா. “வேகமா ஓட்டினா அவ மூச்சு விடற இடம் போயிடும். அங்கதான் ஏதாவது இருக்கும்.”

இஸ்திரிக்காரர் உள்ளே போய் நீராவியை அடைத்துவிட்டு வந்தார். கடை திடீரென்று அமைதியானது. சங்கிலியையும் நிறுத்தினார். கோட்டுகள் கொஞ்சம் ஆடிவிட்டு நின்றன. அவையும் கேட்கத் தயாரானது போலிருந்தது.

“ஒண்ணுமில்ல, சும்மாதான். உன் குரல் கேட்டு எத்தன நாளாச்சுடா. முதல்ல யாரோ தப்பா அனுப்பிட்டாங்கன்னு நெனச்சேன். நம்பர அப்படியா சொல்லுவ, ஏலம் போடறவன் மாதிரி…”

பிறகு குரல் ஜன்னலுக்குப் போயிற்று. எதிர்க் கட்டடத்தில் யாரோ செடி வைத்திருக்கிறார்களாம். பூவா பழமா என்று இங்கிருந்து தெரியவில்லையாம், சிவப்பாக மட்டும் தெரிகிறதாம். குரல் படுக்கையறைக்குப் போயிற்று, கம்மியது. எங்கள் ஜன்னலுக்கு அம்மா சொன்ன அளவு தப்பாக இருக்கும், நாற்காலியில் ஏறி அளந்தால் எப்போதும் இரண்டு விரல் குறையும் என்றார். அம்மா, “இதுவா இப்ப முக்கியம்!” என்று முணுமுணுத்தாள். கேட்டுக்கொண்டேயிருந்தாள். என்னைப் பற்றி ஒரு வரி வந்தது. “முடிவு பண்ணலன்னு எழுதியிருக்கு. அதுவும் ஒரு பதில்தான். அவசரப்பட்டுப் பதில் சொல்றவங்களக் கண்டாத்தான் எனக்குப் பயம்.” அதற்கு முந்தைய பதிவுகளில் என்னைப் பற்றி எத்தனை வரி சொல்லியிருப்பார் என்று தெரியவில்லை. கேள்வியாக இல்லாததால் அவை எனக்கு வந்து சேரவேயில்லை.

ஆறாம் நிமிடம். ஏழு. இஸ்திரிக்காரர் நகத்தைக் கடித்தார். சித்தப்பாவின் கையில் பேனா இல்லை. இரண்டு உள்ளங்கைகளையும் மேசையில் வைத்துக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்து நின்றார்.

ஒன்பதாம் நிமிடத்தில் எங்கோ ஒரு மூடி விழுந்த சத்தம். பிறகு:

“…அந்தப் பொண்ணு கேட்டா, கூட வர்றவரு யாருன்னு. தம்பின்னேன். பேரச் சொன்னேன், நம்பரச் சொன்னேன், நீ சொன்ன மாதிரியே ரெண்டு தடவ சொன்னேன். எழுதிக்கிட்டா. போன் பண்ணிட்டுத்தான்டா உன்கிட்ட பேசறேன்.”

“அப்பாடி!” என்று அம்மா கம்பளி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

“இத மொதல்லயே சொல்லக் கூடாதா இந்தம்மா?” என்றார் இஸ்திரிக்காரர். “என் உசிரு போயிடுச்சு.”

அவர் நீராவியைத் திறக்க எழுந்தார். சித்தப்பா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். “இன்னும் நாலு நிமிஷம் இருக்கு.”

அந்த நாலு நிமிடத்தையும் கேட்டோம். பயம் விலகியபின் அத்தையின் வீடு கடைக்குள் தாராளமாக விரிந்தது. பூனைக்கு முடி கொட்டுகிறது. மாடிப்படியில் மூன்றாவது விளக்கு எரிவதில்லை, எரிந்தாலும் ஒன்றுதான். பிறகு கடைசியில்:

“வெள்ளிக்கிழமை ஒரு கண்ணு கட்டியிருப்பாங்க, இன்னொண்ணு உனக்கே தெரியும். வெளிய உக்காந்திருக்கிறவங்க எல்லாரும் எனக்குப் புகை மாதிரிதான் தெரிவீங்க. என்ன கலர் சட்டை போட்டுக்கிட்டு வருவ? சொல்லு. நான் அதப் பாத்து வந்துடுவேன்.”

பதிவு முடிந்தது.

சித்தப்பா முதலாளியைக் கூப்பிட்டு வெள்ளி, சனி இரண்டு நாளும் விடுப்பு வேண்டும் என்று மட்டும் சொன்னார். பிறகு அந்தப் பதின்மூன்று நிமிடப் பதிவை அப்படியே குடும்பக் குழுவுக்கு அனுப்பினார். ஒரு நிமிடத்துக்குள் அப்பாவிடமிருந்து “சுருக்கம்?” என்று வந்தது.

“கிடையாது. கேளுங்க” என்று தட்டினார் சித்தப்பா. பிறகு நேற்றைய பத்தொன்பது நிமிடத்தையும் தேடி, அதற்குக் கீழே மறுபடி போட்டார். “இதையும்.”

“சட்டைக்குப் பதில் சொல்லுங்க தம்பி, காத்துக்கிட்டிருப்பாங்க” என்றாள் அம்மா.

சித்தப்பா போனை எடுத்துக்கொண்டு துணிகளின் நடுவே போனார். இஸ்திரிக்காரர் நீராவியைத் திறந்தார். சங்கிலி மறுபடி நகர்ந்தது. கோட்டுகளும் புகையும் சித்தப்பாவை மறைத்தன. குரல் மட்டும் வந்தது.

“அக்கா, மஞ்சள் சட்டை. நல்லா அடிக்கிற மஞ்சள், எலுமிச்சம்பழ மஞ்சள் இல்ல. உனக்கு ஞாபகம் இருக்காது, அத நான் வாங்கினதே ஒரு கதை. அன்னிக்கு மழை…”

நானும் அம்மாவும் ஆளுக்கொரு கம்பளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். கதவைத் திறக்கும்போது திரும்பிப் பார்த்தேன். சித்தப்பா இன்னும் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.